வயிற்றைப் புரட்டும் மாத்திரைகள்: நிறுத்துவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள்

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை. விலை குறைந்தவை, பல ஆண்டுகளாகப் பழகியவை, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைப்பவை. ஆனாலும் பல வீடுகளில் இந்த இரண்டும் பாதி அட்டையோடு அலமாரியில் கிடக்கின்றன. கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வயிறு ஒத்துக்கலை." வயிற்றின் இந்தத் தொல்லை உண்மையானது, மனப்பிரமை அல்ல. ஆனால் பெரும்பாலானோருக்கு மருந்தை விட்டுவிடாமலேயே அதைக் குறைக்க முடியும். எந்த வேளையில், எந்த உணவோடு, எவ்வளவில் தொடங்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு மாத்திரைகளுக்கும் உணவு விதி ஒன்றல்ல. அதைப் பற்றி வாசகர்கள் கேட்ட சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

எனக்கு வயது 46. சென்ற மாதம் சர்க்கரை இருப்பதாகக் கண்டுபிடித்து மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை, இரவு இரு வேளை எழுதினார்கள். ஹீமோகுளோபின் 9.2 என்பதால் இரும்புச்சத்து மாத்திரையும் தினமும் ஒன்று. மறந்துபோகக் கூடாதே என்று காலை மாத்திரை இரண்டையும் காபி குடித்த கையோடு ஒன்றாக விழுங்கினேன். நான்காவது நாளே குமட்டல், வாயில் ஒரு மாதிரி உலோக ருசி, நாளைக்கு நாலைந்து தடவை வயிற்றுப்போக்கு. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். எனக்கு இந்த மருந்துகள் சேராதா?

சேராது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் சாப்பிட்ட விதத்தில் மூன்று சிக்கல்கள் சேர்ந்துவிட்டன. மெட்ஃபார்மின் முதல் நாளிலிருந்தே இரு வேளையாகப் போயிருக்கிறது. அதுவும் வயிற்றில் காபியைத் தவிர எதுவும் இல்லாத நேரத்தில். புதிதாகத் தொடங்கிய இன்னொரு மாத்திரையும் அதே நேரத்தில் உள்ளே போனதால், தொல்லை எதனால் வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் டாக்டருக்கும் தெரியாது.

இருந்தாலும் ஓரளவுக்கு ஊகிக்கலாம். வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பொருமல், பசியின்மை ஆகியவை பெரும்பாலும் மெட்ஃபார்மினால் வருபவை. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் மேல் வயிற்றில் எரிச்சல், குமட்டல் என்றால் இரும்பு மாத்திரையைச் சந்தேகிக்கலாம். மலச்சிக்கலும் கறுத்த மலமும் இரும்பினால் வருபவை. உலோக ருசியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இரண்டுமே அதைக் கொடுக்கும். ஆகவே ஒன்றை முதலில் நிலைப்படுத்திவிட்டு, பிறகு மற்றொன்றைச் சேர்ப்பதே வழி. உங்களுக்கான கால அட்டவணையைப் பின்னால் தருகிறேன். அதற்கு முன் இரண்டு மாத்திரைகளும் வயிற்றில் என்ன செய்கின்றன என்பது புரிந்தால், அந்த அட்டவணை ஏன் அப்படி அமைகிறது என்பதும் புரியும்.

மெட்ஃபார்மின் ஏன் வயிற்றைக் கலக்குகிறது?

இந்த மருந்து ரத்தத்தில் சேர்வதைப் போலப் பல மடங்கு செறிவில் குடலின் சுவரில் தங்குகிறது. அங்கே இருப்பதும் அதன் வேலையில் ஒரு பகுதிதான். ஆனால் அந்த இடத்தில் அது குடல் அசைவைத் தூண்டும் செரட்டோனின் என்ற பொருளின் போக்கையும், பித்த அமிலங்கள் குடலிலிருந்து திரும்ப உறிஞ்சப்படுவதையும், குடல் நுண்ணுயிரிகளையும் மாற்றுவதாகக் கருதப்படுகிறது. இளகிய மலமும் வாயுவும் குமட்டலும் அதனால்தான்.

அளவு ஒரேயடியாக ஏறும்போது இந்தத் தொல்லை அதிகம். மெதுவாக ஏற்றினால் குடல் பழகிக்கொள்கிறது. பலருக்கு இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அதனால்தான் 500 மி.கி. ஒரே ஒரு வேளை என்று தொடங்கி, வாரத்துக்கு 500 மி.கி. வீதம் கூட்டுவது வழக்கமான முறை. முதல் வாரத்தில் தொல்லை இருந்தால் அளவைக் கூட்டாமல் அதே இடத்தில் இன்னொரு வாரம் நிற்கலாம். கூட்டிய பிறகு தொல்லை வந்தால் முந்தைய அளவுக்கு இறங்கி, சில நாள் கழித்து மறுபடி ஏறலாம். இதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். "முடியவில்லை" என்று சொன்னால் அவர் மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். சொல்லாமல் நிறுத்திவிட்டு அடுத்த மாதம் சர்க்கரை ஏறிய ரிப்போர்ட்டோடு போனால், மருந்து போதவில்லை என்று நினைத்து அவர் அளவை இரட்டிப்பாக்குவார். அப்போது தொல்லையும் இரட்டிப்பாகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சர்க்கரை என்று தெரிந்தவுடன் பலர் 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டும் இனிப்பும் வாங்கத் தொடங்குகிறார்கள். அவற்றில் பலவற்றில் சர்க்கரைக்குப் பதிலாக மால்டிடால், சார்பிடால் போன்றவை சேர்க்கப்படுகின்றன. இவை அளவு மீறினால் தாமாகவே வயிற்றுப்போக்கையும் வாயுவையும் உண்டாக்கும். பழி மெட்ஃபார்மின் மேல் விழும். மாத்திரையைக் குறை சொல்வதற்கு முன் ஒரு வாரம் இவற்றை நிறுத்திப் பாருங்கள்.

"சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதியிருக்கிறார்கள். சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து?

இந்தச் சீட்டு வாசகத்தைப் பலர் "சாப்பிட்டுக் கை கழுவி, பாத்திரம் தேய்த்து, அரை மணி கழித்து" என்று எடுத்துக்கொள்கிறார்கள். மெட்ஃபார்மினுக்கு அது தேவையில்லை. உணவோடு சேர்ந்து போவதுதான் அதற்கு நல்லது. பாதிச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, மீதிப் பாதியைச் சாப்பிடுங்கள். அல்லது கடைசிக் கவளம் முடிந்த கையோடு விழுங்குங்கள். உணவோடு கலந்து போனால் மருந்து மெதுவாக உறிஞ்சப்படும். மொத்தமாக உறிஞ்சப்படும் அளவு சற்றுக் குறையும் என்பது உண்மைதான், ஆனால் மருந்தின் பலன் அதனால் கெட்டுவிடாது. எல்லோருக்கும் அதைச் சாப்பாட்டோடுதான் பரிந்துரைக்கிறார்கள், அளவும் அதையொட்டியே முடிவாகிறது.

உணவு என்றால் உணவாக இருக்க வேண்டும். ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும் கணக்கில் வராது. காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் இரண்டு இட்லியை நின்றபடியே விழுங்குபவர்களுக்கு, காலை வேளை மெட்ஃபார்மினுக்கு ஏற்ற வேளை அல்ல. உட்கார்ந்து நிறைவாகச் சாப்பிடும் வேளை எது என்று பார்த்து அதில் தொடங்கலாம். பலருக்கு அது இரவுச் சாப்பாடு. அந்த வேளையில் சாப்பிட்டால் முதல் சில நாட்களின் குமட்டல் தூக்கத்திலேயே கழிந்துவிடும் என்ற வசதியும் உண்டு. ஆனால் எண்ணெய் மிதக்கும் குழம்பு, பரோட்டா, பொரித்த கறி என்று கனமாகச் சாப்பிடும் நாளில் வயிறு கூடுதலாகவே பொருமும். முதல் இரண்டு வாரம் சற்று எளிதான சாப்பாடாக இருக்கட்டும்.

என் அட்டையில் 'எஸ்.ஆர்.' என்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அட்டையில் அது இல்லை. இரண்டும் ஒன்றா?

மருந்து ஒன்றுதான், வெளியேறும் வேகம் வேறு. எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்ற எழுத்துகள் மருந்து பல மணி நேரத்துக்கு மெல்ல மெல்லக் கசியும் மாத்திரையைக் குறிக்கின்றன. சாதாரண மெட்ஃபார்மினால் வயிற்றுப்போக்கு நிற்காதவர்களில் பலருக்கு இந்த வகைக்கு மாறியதும் தொல்லை குறைகிறது. பெரும்பாலும் நாளைக்கு ஒரு முறை, இரவுச் சாப்பாட்டோடு. மாற்ற வேண்டும் என்று தோன்றினால் டாக்டரிடம் கேளுங்கள். கடையில் "அதே மருந்துதான்" என்று மாற்றித் தருவதை வாங்காதீர்கள், அளவும் வேளையும் மாறும்.

இந்த மாத்திரையை உடைக்கவோ, பொடிக்கவோ, சப்பிச் சாப்பிடவோ கூடாது. பெரிய மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை என்று இரண்டாக உடைத்துப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்த வகையில் அப்படிச் செய்தால் மெல்லக் கசிய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கி, எதைத் தவிர்க்கவே மாற்றினோமோ அதுவே வந்து நிற்கும். சில சமயம் மலத்தில் மாத்திரையின் கூடு அப்படியே தெரியும். பயப்பட வேண்டாம். மருந்து உடலுக்குள் போய்விட்டது, வெளியே வந்தது வெற்று ஓடு.

மெட்ஃபார்மினோடு இன்னொரு மருந்தும் ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கிறது. டாக்டர் "சாப்பாட்டுக்கு முன்" என்றார். நீங்கள் சாப்பாட்டோடு என்கிறீர்களே?

கிளிமிபிரைடு போன்ற மருந்து சேர்ந்த மாத்திரையாக இருக்கலாம். அந்தச் சேர்மானம் வேறு கணக்கு. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, அதனால் சாப்பாடு தயாராக இருக்கும்போது, முதல் கவளத்துக்குச் சற்று முன்போ அதோடு சேர்த்தோ போட வேண்டும். போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம்கூட வரலாம். தனி மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அப்படிச் சர்க்கரை இறங்குவது அரிது. ஆகவே வயிற்றுத் தொல்லைக்காக வேளையை மாற்றுவதற்கு முன் அட்டையில் ஒரு மருந்துதான் இருக்கிறதா, இரண்டா என்று பாருங்கள். இரண்டு இருந்தால் நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாடு தவறினால் அந்த வேளை மாத்திரையை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொல்கிறார் ஒருவர், சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்கிறார் இன்னொருவர். எது சரி?

இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உடல் இரும்பை அதிகம் ஏற்றுக்கொள்வது வெறும் வயிற்றில். வயிற்றுக்கு இதமாக இருப்பது சாப்பாட்டோடு. மெட்ஃபார்மினுக்கு உணவு நண்பன் என்றால், இரும்புக்கு உணவு ஒரு சமரசம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பு இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கைத்தான் உடல் உறிஞ்சும். மீதி எல்லாம் குடலிலேயே தங்கி, இரைப்பையையும் குடலையும் உறுத்திக்கொண்டு வெளியேறுகிறது. எரிச்சலும் குமட்டலும் மலச்சிக்கலும் கறுத்த மலமும் இந்த மீதியால் வருபவைதான். உணவோடு எடுத்தால் உறுத்தல் குறையும். ஆனால் தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட், பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம், டீ காபியில் உள்ள சில பொருள்கள் ஆகியவை இரும்பைத் தடுப்பதால், உறிஞ்சப்படும் அளவு பாதிக்கும் கீழே போகலாம்.

அதனால் படிப்படியாக இப்படிச் செய்யலாம். முதலில் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டுப் பாருங்கள். கூடவே ஒரு கொய்யாத் துண்டோ, நெல்லிக்காயோ, சர்க்கரை சேர்க்காத எலுமிச்சைச் சாறோ இருந்தால் நல்லது. அவற்றின் வைட்டமின் சி இரும்பை உள்ளே சேர்க்க உதவும். எலுமிச்சைப் புளிப்பே நெஞ்செரிச்சலைக் கிளப்புகிறது என்றால் விட்டுவிடுங்கள், தண்ணீர் போதும். மாத்திரை போட்டவுடன் படுக்காதீர்கள். அரை மணி நேரமாவது உட்கார்ந்தோ நடந்தோ இருங்கள்.

இதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சாப்பாட்டுக்கு நடுவில் போடுங்கள். நம் மதியச் சாப்பாட்டில் அதற்கு ஒரு இடம் இருக்கிறது: சாம்பார் சாதமோ ரசம் சாதமோ சாப்பிடும்போது விழுங்கிவிட்டு, அன்றைக்கு மோர் தயிரைத் தவிர்த்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை தரும் மாத்திரையையும் மதிய உணவுக்குப் பிறகே கொடுப்பது வயிற்றுத் தொல்லையை மனதில் வைத்துத்தான். உறிஞ்சுதல் குறைந்தாலும், நின்றுபோன மாத்திரையைவிடச் சாப்பாட்டோடு நிலைத்துப் போன மாத்திரை மேல்.

சமரசமே கூடாத இடம் டீயும் காபியும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பை டீயே இரும்பு உறிஞ்சுதலைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடக்கூடும். மாத்திரைக்கு முன் ஒரு மணி நேரம், பின் இரண்டு மணி நேரம் டீ, காபி, பால் மூன்றும் வேண்டாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரும்பு மாத்திரையை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். எரிச்சலுக்காக ஆன்டாசிட் போடுவதும் இரும்பைக் கெடுக்கும், எனவே இரும்பால் வந்த எரிச்சலுக்கு அதையே கையில் எடுக்காதீர்கள்.

தினமும் போட முடியவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் பலன் இருக்குமா?

பலருக்கு இருக்கும். ஒரு நாள் இரும்பு மாத்திரை போட்டவுடன் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது ஏறத்தாழ ஒரு நாள் குடலின் இரும்பு வாசலை மூடி வைக்கிறது. மறுநாள் போடும் மாத்திரையின் பெரும்பகுதி அந்த மூடிய வாசலில் முட்டிக்கொண்டு, குடலில் மிஞ்சிவிடும். ஒரு நாள் இடைவெளி விட்டால் வாசல் திறந்திருக்கும். சுவிட்சர்லாந்தில் இரும்புச்சத்து குறைந்த இளம்பெண்களிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், ஒன்றுவிட்ட நாள் போட்டவர்களின் உடலில் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் சேர்ந்த இரும்பு, தினமும் போட்டவர்களைவிடக் கூடுதலாக இருந்தது.

இதை வைத்து எல்லோரும் நாள் விட்டுப் போடலாம் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கு ரத்தசோகை இல்லை. கர்ப்பிணிகளுக்கு நம் நாட்டுத் திட்டப்படி நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒரு மாத்திரை, குறைந்தது 180 நாள். அதை யாரும் தாமாகக் குறைக்கக் கூடாது. கர்ப்பம் இல்லாத, மிதமான ரத்தசோகை உள்ள, தினசரி மாத்திரையால் வயிறு கெட்டுப்போகும் ஒருவருக்கு ஒன்றுவிட்ட நாள் முறை நல்ல மாற்றுவழி. டாக்டரிடம் நேரடியாக இதைக் கேளுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு இன்னொரு சொல். கால்சியம் மாத்திரையும் உங்களுக்குத் தருவார்கள். அது சாப்பாட்டோடு, இரும்பு அதிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் கால்சியம் இரும்பை மறித்துவிடும். காலை டிபனோடும் இரவுச் சாப்பாட்டோடும் கால்சியம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு என்று பிரித்துக்கொண்டால் மறக்காது.

மலம் கறுப்பாகப் போகிறது, முக்கவும் வேண்டியிருக்கிறது. இது ஆபத்தா?

இரும்பு மாத்திரை போடுபவருக்குக் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ மலம் போவது சாதாரணம், உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது. ஆனால் தார் போலப் பிசுபிசுத்து, கடுமையான துர்நாற்றத்தோடு, கூடவே தலைசுற்றலோ படபடப்போ வயிற்று வலியோ இருந்தால் அது இரைப்பையில் ரத்தக்கசிவாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டு வலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுபவர்கள் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, வாழைத்தண்டு, கொய்யா என்று நார்ச்சத்தைக் கூட்டுங்கள். சாப்பாட்டோடு போட்டால் குமட்டல் குறையுமே தவிர மலச்சிக்கல் அவ்வளவாகக் குறையாது. அதற்கு ஒன்றுவிட்ட நாள் முறையோ, இரும்பு குறைவாக உள்ள மாத்திரையோதான் உதவும். சிலர் வயிற்றுக்கு இதம் என்று குடலில் போய்க் கரையும் மேலுறை போட்ட இரும்பு மாத்திரையை வாங்குகிறார்கள். இரும்பு உறிஞ்சப்படுவது இரைப்பையைத் தாண்டியவுடன் வரும் முன்குடலில். அதைத் தாண்டிப் போய்க் கரையும் மாத்திரை வயிற்றையும் தொந்தரவு செய்யாது, ரத்தத்தையும் பெரிதாகக் கூட்டாது.

இப்போது முதல் கேள்வி கேட்ட 46 வயது வாசகிக்கு.

நீங்கள் மாத்திரைகளை நிறுத்தியதும் வயிறு சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் டாக்டரிடம் காட்டி, சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

முதல் வாரம் மெட்ஃபார்மின் 500 மி.கி. இரவு மட்டும். எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால், பாதியில் மாத்திரை. காலையில் ஒன்றும் வேண்டாம். தினமும் குமட்டல் இருந்ததா, எத்தனை முறை மலம் கழித்தீர்கள் என்று காலண்டர் தாளில் ஒரு வரி எழுதுங்கள். வயிறு அமைதியாக இருந்தால் இரண்டாம் வாரம் காலை டிபனின் நடுவிலும் ஒன்று. அமைதியாக இல்லை என்றால் இரவு மட்டும் என்பதை இன்னொரு வாரம் நீட்டுங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் எஸ்.ஆர். வகை கேளுங்கள்.

ஹீமோகுளோபின் 9.2 என்பதால் இரும்பை வெகுநாள் தள்ளிவைக்க முடியாது. மூன்றாம் வாரத் தொடக்கத்தில் அதைச் சேர்க்கலாம். ஆறரை மணிக்குக் காபி, எட்டரைக்கு டிபனும் மெட்ஃபார்மினும், பதினொன்றுக்கு இரும்பு மாத்திரையும் அரைக் கொய்யாவும், ஒன்றரைக்கு மதியச் சாப்பாடு. டிபனோடு இரண்டாவது காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்த வேண்டும் என்பது இல்லை, பதினொன்றுக்கு முன் இரண்டு மணி நேர இடைவெளி கிடைத்துவிடும். புதிதாகக் குமட்டல் வந்தால் அது இப்போது இரும்பினால்தான் என்று உங்களுக்கே தெரியும். மாத்திரையை மதியச் சாப்பாட்டு நடுவுக்கு மாற்றுங்கள். அதுவும் போதவில்லை என்றால் ஒன்றுவிட்ட நாள்.

இரும்பு தொடங்கி நான்கு வாரத்தில் ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். மாத்திரை உடலில் சேர்ந்தால் ஒன்று முதல் இரண்டு கிராம் வரை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை தவறியதா, காபியோடு போனதா, இன்னமும் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 46 வயதில் மாதவிடாய் அதிகப்படியாகப் போனால் அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும், மாத்திரை மட்டும் போதாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடலின் இருப்பு நிறைய மேலும் மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும்.

இந்த இரண்டு நோய்களும் ஒன்றை ஒன்று தொடும் இடமும் உண்டு. இரும்புக் குறைவால் மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். எனவே முதல் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து மெட்ஃபார்மினை வேகமாக ஏற்ற வேண்டாம், விரல் சர்க்கரையையும் சேர்த்துப் பாருங்கள். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் ரத்தசோகை வரும். அந்த ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எவ்வளவு போட்டாலும் பயன் இல்லை. கை கால் மரத்துப்போவது, நாக்கு எரிவது போன்றவை இருந்தால் பி12 பரிசோதனை கேளுங்கள்.

நேரத்தை மாற்றிப் பார்க்காமல், உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

மெட்ஃபார்மின் சாப்பிடும் ஒருவருக்குக் காய்ச்சலோடு வாந்தியும் பேதியும் வந்து, தண்ணீர்கூட உள்ளே நிற்காத நிலை வந்தால், அது மாத்திரைப் பழக்கத்தின் தொல்லை அல்ல. உடல் நீர் வற்றினால் சிறுநீரகம் மந்தமாகி மருந்து உடலில் தேங்கும். அரிதாக, ஆனால் ஆபத்தாக, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறலாம். அந்த நாட்களில் மெட்ஃபார்மினை நிறுத்தி வைத்து உடனே டாக்டரைப் பாருங்கள், சரியான பிறகு அவர் சொன்னதும் தொடங்கலாம். மூச்சு வாங்குவது, அளவுக்கு மீறிய அசதி, தசை வலி ஆகியவை கூட இருந்தால் தாமதிக்காதீர்கள். ஸ்கேனுக்குக் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றப்போகிறார்கள் என்றாலும் மெட்ஃபார்மின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

வருடக்கணக்காக மெட்ஃபார்மின் ஒத்துக்கொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென வயிற்றுப்போக்கு தொடங்கினாலும் அதை இந்த மாத்திரை மேலேயே போட்டுவிடாதீர்கள். காரணம் வேறாக இருக்கலாம். மருந்தால் வருவதும் உண்டு, ஆனால் அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இரும்பு மாத்திரையைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் போன்ற சிவப்பு நிறம் அவர்களைக் கவரும், சில மாத்திரைகளை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, சாப்பிடாமல் மிச்சம் வைத்த அட்டையையும், மாத்திரை போட்ட நேரங்களையும் என்ன தொல்லை வந்தது என்பதையும் குறித்த அந்தக் காலண்டர் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் சகோதரியிடமும் இதைச் சொல்லலாம். எத்தனை மாத்திரை மிச்சம் என்பதைக் கூச்சப்படாமல் உள்ளபடி சொல்லுங்கள், அதைக் கேட்டுத்தான் அடுத்த அளவை முடிவுசெய்ய முடியும்.